பெருக்கும் முன்னே சுருக்கு

பத்து மாணவர்கள் இருக்கிறார்கள். வினாடி வினாப் போட்டிக்கு அவர்களில் மூன்று பேரை அணியாக அனுப்ப வேண்டும். எத்தனை விதமான அணிகள் அமையும்? மேல்நிலைப் பள்ளியில் கணக்கு படித்தவர்களுக்கு இதன் விடையை எழுதும் முறை நினைவிருக்கும்.

10! / (7! × 3!)

எண்ணுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போல நிற்பதுதான் ஃபாக்டோரியல். அந்த எண்ணில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, 1 வரையுள்ள எல்லா எண்களையும் பெருக்கு என்று அது சொல்கிறது. 3! என்றால் 3 × 2 × 1, அதாவது 6.

இந்தக் கணக்கைக் கொடுத்தால் பலரும் உடனே பெருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 10! என்பது 36,28,800. 7! என்பது 5,040. அதை 6 ஆல் பெருக்கினால் 30,240. பிறகு 36,28,800 ஐ 30,240 ஆல் வகுக்க வேண்டும். நீள் வகுத்தலை முடித்தால் 120 வரும். விடை சரிதான். ஆனால் மூன்று இலக்க விடை ஒன்றுக்காக ஏழு இலக்க எண் ஒன்றை உருவாக்கி, அதை மறுபடியும் உடைத்திருக்கிறோம். வழியில் ஓர் இலக்கம் தவறினாலும் விடை கெட்டுவிடும். எங்கே தவறினோம் என்று கண்டுபிடிப்பதும் கடினம்.

இதே கணக்கை மனக்கணக்காகவே போட முடியும். அதற்கு, ஃபாக்டோரியலைப் பார்த்ததும் பெருக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, மேலேயும் கீழேயும் பொதுவாக இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

7! எதற்காக வந்தது?

10! ஐ முழுவதும் விரித்து எழுதிப் பாருங்கள்: 10 × 9 × 8 × 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1. இதில் 7 இல் தொடங்கும் பின்பகுதி முழுவதும் 7! தான். ஆகவே 10! = 10 × 9 × 8 × 7!. கீழே, பகுதியிலும் அதே 7! இருக்கிறது. மேலேயும் கீழேயும் அடித்துவிட்டால் மிச்சம் இவ்வளவுதான்:

(10 × 9 × 8) / (3 × 2 × 1)

இப்போதும் பெருக்க அவசரம் வேண்டாம். 9 ஐ 3 ஆல் அடித்தால் 3. 8 ஐ 2 ஆல் அடித்தால் 4. பகுதியில் 1 மட்டுமே நிற்கிறது. மேலே 10 × 3 × 4, அதாவது 120. எந்த இடத்திலும் மூன்று இலக்கத்தைத் தாண்டவில்லை.

7! அடிபட்டுப் போனது தற்செயலா? இல்லை. அணி அமைப்பதை நேரடியாக யோசித்தால் அது தெரியும். முதலாமவரைப் பத்து பேரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாமவரை மீதமுள்ள ஒன்பது பேரிலிருந்தும், மூன்றாமவரை எட்டு பேரிலிருந்தும் எடுக்கலாம். ஆக 10 × 9 × 8 = 720 வழிகள். ஆனால் யாரை முதலில் அழைத்தோம் என்பது அணிக்கு முக்கியமில்லை. ஒரே மூவரை ஆறு வரிசைகளில் அழைத்திருக்க முடியும் என்பதால், ஒவ்வோர் அணியும் ஆறு முறை எண்ணப்பட்டிருக்கிறது. 720 ஐ 6 ஆல் வகுத்தால் 120. இந்த யோசனையில் 7! எங்குமே தலைகாட்டவில்லை. தேர்வாகாத ஏழு பேரை வரிசைப்படுத்தும் வேலையே நமக்கு இல்லை.

அப்படியானால் சூத்திரத்தில் 7! ஏன் இருக்கிறது? எழுதும் வசதிக்காகத்தான். "10 இல் தொடங்கி மூன்று எண்களை மட்டும் பெருக்கு" என்பதைச் சுருக்கமாக எழுத, 10! ஐ எழுதி, வேண்டாத வாலை 7! ஆல் வெட்டிவிடுகிறோம். இந்த ஆச்சரியக்குறியை 1808 இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் கிறிஸ்டியன் கிராம்ப் என்ற கணித அறிஞர். n பொருள்களில் r பொருள்களைத் தேர்ந்தெடுப்பது என்று பொதுவாகப் பேசும்போது n! / ((n−r)! × r!) என்று ஒரே வரியில் எழுத முடிவது பெரிய வசதி. ஆனால் அது எழுதும் முறைதான். கணக்கிட வேண்டிய வரிசை அல்ல.

பெரிய ஃபாக்டோரியலை முதலில் அடியுங்கள்

பகுதியில் இரண்டு ஃபாக்டோரியல்கள் இருக்கும்போது எதை அடிப்பது? பெரியதை. மேற்கண்ட கணக்கில் 7! க்குப் பதிலாக 3! ஐ அடித்திருந்தால், மேலே 10 × 9 × 8 × 7 × 6 × 5 × 4 என்று ஏழு எண்கள் நிற்கும். கீழே 7! நிற்கும். விடை அதேதான், உழைப்பு மட்டும் இரட்டிப்புக்கு மேல்.

பத்து பேரில் ஏழு பேரைத் தேர்ந்தெடு என்று கேட்டாலும் இதே உத்தி உதவும். ஏழு பேரை எடுப்பதும் மூன்று பேரை விடுவதும் ஒரே செயல். ஆகவே அந்தக் கணக்குக்கும் விடை 120 தான். பதினைந்து வீரர்களில் பதினொருவரைத் தேர்வு செய்வதை, வெளியே உட்காரும் நால்வரைத் தேர்வு செய்வதாகக் கொண்டால் (15 × 14 × 13 × 12) / (4 × 3 × 2 × 1) என்று நான்கே எண்களில் அடங்கிவிடும். கீழுள்ள 4 × 3 ஐ மேலுள்ள 12 விழுங்கிவிடும். 14 ஐ 2 ஆல் அடித்தால் 7. மிச்சம் 15 × 7 × 13 = 1,365.

லாட்டரிக் கணக்கு ஒன்று

எண்கள் பெரிதாகும்போதுதான் இந்த முறையின் அருமை முழுமையாகத் தெரியும். பிரிட்டனின் தேசிய லாட்டரி 1994 இல் தொடங்கியபோது, 1 முதல் 49 வரையுள்ள எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. ஆறும் பொருந்தினால் முதல் பரிசு. அப்படியானால் மொத்தம் எத்தனை விதமான தேர்வுகள் இருந்தன?

49! / (43! × 6!)

49! என்பது 63 இலக்கங்கள் கொண்ட எண். 43! க்கு 53 இலக்கங்கள். அவற்றைப் பெருக்கி வைத்து வகுப்பதைத் தாளில் செய்ய யாரும் துணிய மாட்டார்கள். 43! ஐ அடித்தால்:

(49 × 48 × 47 × 46 × 45 × 44) / (6 × 5 × 4 × 3 × 2 × 1)

இங்கே பகுதியிலுள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட, மேலுள்ள எந்த எண் கீழுள்ள எவற்றை விழுங்கும் என்று தேடுவது வேகமானது. 6 × 4 × 2 = 48. மேலே 48 நிற்கிறது, நான்கும் அடிபட்டுவிடும். 5 × 3 = 15. மேலே 45 இருக்கிறது. அது 3 ஆகும். பகுதி காலியாகிவிட்டது. மிச்சம்:

49 × 47 × 46 × 3 × 44

இனிமேல்தான் பெருக்கல். 49 × 47 = 2,303. அதை 46 ஆல் பெருக்கினால் 1,05,938. மூன்றால் பெருக்கினால் 3,17,814. 44 ஆல் பெருக்கினால் 1,39,83,816. ஒரு சீட்டு வாங்கியவருக்கு முதல் பரிசு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.4 கோடியில் ஒன்று.

2015 அக்டோபரில் அந்த லாட்டரியின் எண்களை 49 இலிருந்து 59 ஆக உயர்த்தினார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியவை பழையபடி ஆறுதான். பத்து எண்களைக் கூட்டியதால் என்ன ஆகும்? இப்போது மேலே 59 × 58 × 57 × 56 × 55 × 54. கீழே மாற்றமில்லை. 54 ஐ 6 × 3 ஆல் அடித்தால் 3. 55 ஐ 5 ஆல் அடித்தால் 11. 56 ஐ 4 × 2 ஆல் அடித்தால் 7. மிச்சம் 59 × 58 × 57 × 7 × 11 × 3 = 4,50,57,474. எண்கள் ஐந்தில் ஒரு பங்குதான் கூடின. தேர்வுகளோ மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிட்டன. சுருக்கிய வடிவில் வைத்துப் பார்த்தால் காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது: பகுதி அப்படியே இருக்க, மேலுள்ள ஆறு எண்களும் ஒருசேரப் பத்துப் பத்தாக உயர்ந்திருக்கின்றன.

அடிபடாமல் நின்றால்

கீழுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் மேலே ஒரு முழு மடங்கு எப்போதும் காத்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பதினைந்தில் ஏழைத் தேர்ந்தெடுக்கும் கணக்கைப் பாருங்கள்.

(15 × 14 × 13 × 12 × 11 × 10 × 9) / (7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1)

7 ஆல் 14 ஐ அடித்தால் 2. 6 ஆல் 12 ஐ அடித்தால் 2. 5 ஆல் 15 ஐ அடித்தால் 3. அடுத்து 4 க்கு வருகிறோம். மேலே இப்போது இருப்பவை 3, 2, 13, 2, 11, 10, 9. இவற்றில் 4 ஆல் வகுபடும் எண் ஒன்றுகூட இல்லை. கணக்கு தவறிவிட்டது என்று இங்கே சிலர் அழித்துவிடுவார்கள். தவறவில்லை. 4 ஐ 2 × 2 என்று உடைத்து, மேலுள்ள இரண்டு 2 களுடன் அடிக்க வேண்டும். பிறகு 3 உடன் 3 அடிபடும். 10 ஐ 2 ஆல் அடித்தால் 5. மிச்சம் 13 × 11 × 5 × 9 = 6,435.

எந்த எண்ணை எதனுடன் அடித்தாலும், எந்த வரிசையில் அடித்தாலும், இறுதியில் பகுதி 1 ஆகியே தீரும். ஏனென்றால் இது தேர்வுகளின் எண்ணிக்கை. அரை அணி, முக்கால் அணி என்று ஒன்று இருக்க முடியாது. அடுத்தடுத்து வரும் ஏழு எண்களின் பெருக்கல் எப்போதும் 7! ஆல் மீதியின்றி வகுபடும் என்ற உண்மையைத்தான் இது வேறு விதமாகச் சொல்கிறது. ஆகவே எல்லாவற்றையும் அடித்த பிறகும் கீழே 2 அல்லது 3 மிஞ்சினால், எங்கோ ஓர் எண்ணை விட்டுவிட்டோம் அல்லது இரண்டு முறை அடித்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அடிக்கக் கூடாத இடங்கள்

அடிக்கும் பழக்கம் வந்த பிறகு வேறு விதமான பிழை ஒன்று நுழைகிறது. 10! / 5! என்பதைப் பார்த்ததும் 10 ஐ 5 ஆல் வகுத்து 2! என்று எழுதுவது அது. ஆச்சரியக்குறி ஒரு பெருக்கல் காரணி அல்ல. அதைத் தனியாகப் பிரித்து அடிக்க முடியாது. 10! இன் வாலில்தான் 5! இருக்கிறது. அதை நீக்கினால் மிஞ்சுவது 10 × 9 × 8 × 7 × 6 = 30,240. விடை 2 எங்கே, முப்பதாயிரம் எங்கே! ஐயம் வரும்போது ஒரு படி விரித்து எழுதிவிட்டால் இந்தப் பிழை வராது.

இன்னொரு பிழை கூட்டலில் வருகிறது. (8! + 7!) / 7! என்று இருந்தால், ஒரு 7! ஐ மட்டும் அடித்துவிட்டு 8! என்று விடை எழுதுபவர்கள் உண்டு. கூட்டலில் உள்ள ஓர் உறுப்பை மட்டும் அடிக்க முடியாது. முதலில் 8! ஐ 8 × 7! என்று எழுதி, 7! ஐப் பொதுவாக வெளியே எடுக்க வேண்டும். மேலே 7! × (8 + 1) என்று ஆகும். இப்போது 7! அடிபடும். விடை 9. சரியான விடை ஓரிலக்கம். தவறான விடை 40,320.

எண்களுக்குப் பதிலாக எழுத்துகள் வரும்போதும் இதே விரித்தெழுதும் பழக்கம்தான் கைகொடுக்கும். n! / (n−2)! = 90 எனில் n என்ன என்று கேட்டால், பெருக்கிப் பார்க்க வழியே இல்லை. n! ஐ n × (n−1) × (n−2)! என்று விரித்தால் வால் அடிபட்டு, n × (n−1) = 90 என்று நிற்கும். அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கல் 90 என்றால் அவை 10, 9. ஆகவே n = 10.

லீலாவதி காட்டும் வழி

ஆச்சரியக்குறி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கை இந்தியாவில் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர் எழுதிய கணிதசார சங்கிரகத்திலும், இரண்டாம் பாஸ்கரர் 1150 இல் எழுதிய லீலாவதியிலும் இதற்கான விதி இருக்கிறது. அவர்களிடம் ஃபாக்டோரியல் குறி இல்லை. அதனால் பெரிய எண்ணை உருவாக்கிப் பிறகு வெட்டும் சுற்றுவழியும் அவர்கள் கணக்கில் இல்லை.

லீலாவதி சொல்லும் முறை இது: எண்களை இறங்கு வரிசையில் மேலேயும், ஏறு வரிசையில் கீழேயும் எழுது. முதல் எண்ணை வகுத்து வரும் விடையை அடுத்ததால் பெருக்கி, அடுத்ததால் வகு. இப்படியே போ. பாஸ்கரர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று அறுசுவை. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்ற ஆறில் ஒன்றை மட்டும், இரண்டைச் சேர்த்து, மூன்றைச் சேர்த்து என்று எத்தனை கலவைகள் செய்யலாம்?

மேலே 6, 5, 4, 3, 2, 1. கீழே 1, 2, 3, 4, 5, 6. ஆறை ஒன்றால் வகுத்தால் 6. இது ஒற்றைச் சுவைகளின் எண்ணிக்கை. அதை 5 ஆல் பெருக்கி 2 ஆல் வகுத்தால் 15. இவை இரண்டு சுவைக் கலவைகள். 15 ஐ 4 ஆல் பெருக்கி 3 ஆல் வகுத்தால் 20. மூன்று சுவைக் கலவைகள். இப்படியே அடுத்து 15, 6, 1. மொத்தம் 63 கலவைகள்.

ஒவ்வொரு படியிலும் கிடைத்தது முழு எண்தான். காரணம், ஒவ்வொரு படியும் தானே ஒரு தேர்வுக் கணக்கின் விடை. பத்தில் மூன்றுக்கும் இதே போல: 10; பிறகு 10 × 9 ÷ 2 = 45; பிறகு 45 × 8 ÷ 3 = 120. இதில் காக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு படியிலும் முதலில் பெருக்க வேண்டும், பிறகுதான் வகுக்க வேண்டும். 9 ஐ முதலில் 2 ஆல் வகுக்கப் போனால் 4.5 என்று பின்னம் வந்துவிடும். கீழே 1 இல் தொடங்கி ஏறிப் போவதும் அதே அளவு முக்கியம். 3 இலிருந்து இறங்கினால் முதல் படியே 10 ÷ 3 ஆகி, பின்னத்தில் முடியும்.

கால்குலேட்டரும் தடுமாறும்

கையில் கருவி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் கருவிக்கும் எல்லை உண்டு. பல சயின்டிஃபிக் கால்குலேட்டர்களில் 69! வரைதான் வரும். 70! நூறு இலக்கங்களைத் தாண்டுவதால், பத்தின் அடுக்குக்கு இரண்டு இலக்கம் மட்டுமே வைத்திருக்கும் கருவி பிழை என்று காட்டிவிடும். நூறு பேரில் மூவரைத் தேர்ந்தெடுக்க 100! என்று தட்டினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். சுருக்கினால் 100 × 99 × 98 ஐ 6 ஆல் வகுக்க வேண்டும்: 100 × 33 × 49 = 1,61,700. அதற்குக் கருவியே வேண்டாம்.

பிழை என்று காட்டும் கருவியாவது நம்மை எச்சரிக்கிறது. எச்சரிக்காமல் தவறான விடை தருபவையும் உண்டு. ஜாவா மொழியில் int என்ற எண் வகைக்கு 32 பிட் இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. 12! அதில் அடங்கும். 13! ஆன 6,22,70,20,800 அடங்காது. ஆனால் நிரல் நின்றுவிடாது. மிகுதியை வெட்டிவிட்டு 1,93,20,53,504 என்ற எண்ணைச் சேமித்துக்கொண்டு மேலே போகும். பதின்மூன்றில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் கணக்கை, 13! ஐ 10! × 3! ஆல் வகுத்து இதில் செய்தால் 88 என்று விடை வரும். பார்க்கச் சாதாரணமான, நம்பத்தக்க எண். உண்மையான விடை 286.

லீலாவதியின் வழியில் எழுதிய நிரலுக்கு இந்தச் சிக்கல் வராது. 13; 13 × 12 ÷ 2 = 78; 78 × 11 ÷ 3 = 286. இதில் தோன்றிய மிகப் பெரிய எண் 858 தான். சிறிய பக்கத்தை எடுத்துக்கொண்டு இப்படிப் போனால், இடையில் வரும் எண் எதுவும் இறுதி விடையின் r மடங்கைத் தாண்டாது. விடையோ இடையில் வரும் எண்ணோ இடத்தில் அடங்காமல் போனால் இந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. 34 இல் 17 ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 2,33,36,06,220. அதற்கு int போதாது. பெரிய எண் வகைக்குத்தான் போக வேண்டும்.

விடையைச் சோதிக்கும் முறை

சுருக்கி எழுதுவதால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: விடையைச் சோதிக்க எளிய வழி. மேலே நிற்கும் எண்களுக்குள் ஒரு பெரிய பகா எண் இருந்து, கீழே அந்த அளவுக்குப் பெரிய எண் எதுவும் இல்லையென்றால், அந்தப் பகா எண்ணை அடிக்க எதனாலும் முடியாது. அது விடைக்குள் அப்படியே இருக்க வேண்டும். 49 இல் ஆறு என்ற கணக்கில் மேலே 47 இருக்கிறது. கீழே 6 க்கு மேல் எதுவும் இல்லை. ஆகவே 1,39,83,816 ஐ 47 ஆல் வகுத்தால் மீதி வரக் கூடாது, வருவதில்லை. 46 க்குள் இருக்கும் 23 க்கும் இதே விதி பொருந்தும்.

இந்தச் சோதனையை அந்த 88 க்கும் வைத்துப் பாருங்கள். பதின்மூன்றில் மூன்று என்பது (13 × 12 × 11) / (3 × 2 × 1). கீழுள்ள எதுவும் 13 ஐத் தொட முடியாது; விடை 13 ஆல் வகுபட்டே தீர வேண்டும். 88 ஐ 13 ஆல் வகுத்தால் மீதி 10. நிரலைத் திறந்து பார்க்காமலேயே அந்த விடை தவறு என்று சொல்லிவிடலாம். 286 ஐ 13 ஆல் வகுத்தால் 22, மீதி இல்லை.